180 ரிங்கிட் கைப்பேசிக்குக் கணக்கேட்டில் என்ன விலை?

மலேசியாவில் எம்.எஃப்.ஆர்.எஸ். 15 என்னும் வருவாய்த் தரநிலை 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த முதல் ஆண்டில், கைப்பேசியையும் மாதச் சந்தாவையும் சேர்த்து விற்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தேன். அங்கே ஒவ்வொரு கைப்பேசியும் 950 ரிங்கிட்டுக்கு வாங்கப்பட்டு 180 ரிங்கிட்டுக்கு விற்கப்பட்டதாகப் பதிவாகியிருந்தது. ஆகவே கைப்பேசிப் பிரிவு ஒவ்வொரு விற்பனையிலும் 770 ரிங்கிட் நட்டம் காட்டியது. சேவைப் பிரிவோ மாதந்தோறும் கொழித்தது. கணக்கு மேலாளரிடம் கேட்டபோது, "சார், கைப்பேசியில் விடுவதைச் சந்தாவில் எடுத்துவிடுகிறோம்" என்றார். வணிகத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான். அந்த உண்மை அவருடைய ஏட்டில் இல்லை என்பதுதான் சிக்கல். சந்தாவின் வழியாகக் கைப்பேசியின் விலை வசூலாகிறது என்றால், அந்தப் பகுதி கைப்பேசியின் வருவாயாகத்தானே எழுதப்பட வேண்டும்?

பழைய நடைமுறையில் பல நிறுவனங்கள் கைப்பேசிக்கான வருவாயை, கடையில் அன்று கையில் வாங்கிய தொகையோடு நிறுத்திக்கொண்டன. மீதிப் பணம் இனி வழங்கப்போகும் சேவையைப் பொறுத்து வருவதால் அதை இன்று எழுத முடியாது என்பது அவர்கள் வாதம். புதிய தரநிலை வரைவாக இருந்தபோதே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இந்த வரம்பைத் தொடர அனுமதி கேட்டன. தரநிலையை வகுத்தவர்கள் அதை ஏற்கவில்லை. இன்றைய விதி இதுதான்: ஒரே ஒப்பந்தத்தில் தனித்தனியே பயன்தரக்கூடிய இரண்டு பொருள்களை வாக்களித்திருந்தால், ஒப்பந்தத்தின் மொத்த விலையை, அவை ஒவ்வொன்றையும் தனியாக விற்றால் என்ன விலை கிடைக்குமோ அந்த விகிதத்தில் பிரிக்க வேண்டும். விலைப்பட்டியில் எந்த வரியில் எந்தத் தொகை அச்சாகியிருக்கிறது என்பதற்கு இதில் இடமில்லை. ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 என்னும் பன்னாட்டுத் தரநிலையே எல்லாவற்றுக்கும் மூலம் என்பதால், இந்தியாவின் இண்ட் ஏஎஸ் 115, இலங்கையின் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 15 ஆகியவற்றைப் பின்பற்றுவோருக்கும் நான் இங்கே சொல்வது பொருந்தும்.

அந்த நிறுவனத்தின் திட்டங்களில் ஒன்றை, எண்களை மட்டும் கணக்கிட எளிதாக மாற்றி, இங்கே எடுத்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர் முதல் நாளில் 180 ரிங்கிட் கட்டிக் கைப்பேசியை எடுத்துச் செல்கிறார். பிறகு 24 மாதங்களுக்கு மாதம் 95 ரிங்கிட் கட்டுகிறார். இந்தத் தொகைகள் எல்லாம் வரி நீங்கலானவை. ஆக, ஒப்பந்த விலை 180-உடன் 2,280 சேர்ந்து 2,460 ரிங்கிட். அதே கைப்பேசியைச் சந்தா இல்லாமல் வாங்க வருபவருக்குக் கடை 1,200 ரிங்கிட்டுக்கு விற்கிறது. சொந்தக் கைப்பேசி வைத்திருப்பவர் சிம் மட்டும் வாங்கி அதே சேவையைப் பெற மாதம் 75 ரிங்கிட். 24 மாதங்களுக்கு 1,800. இரண்டின் தனி விற்பனை விலைகளையும் கூட்டினால் 3,000. இதில் கைப்பேசியின் பங்கு நூற்றுக்கு 40, சேவையின் பங்கு நூற்றுக்கு 60. எனவே 2,460 ரிங்கிட்டில் 984 கைப்பேசிக்கும் 1,476 சேவைக்கும் சேரும். வாடிக்கையாளருக்குக் கிடைத்த 540 ரிங்கிட் தள்ளுபடி இரண்டின் மீதும் ஒரே அளவில், நூற்றுக்கு 18 என்று விழுந்திருப்பதைக் கவனியுங்கள். கைப்பேசி இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ போகவில்லை. சேவையைப் போலவே அதுவும் சற்றுக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டிருக்கிறது.

ஏட்டில் இது எப்படி எழுதப்படும்? கைப்பேசி வாடிக்கையாளர் கைக்குப் போன அன்றே 984 ரிங்கிட் வருவாய். கையில் வந்தது 180 மட்டும் என்பதால் மீதி 804 ரிங்கிட் ஒப்பந்தச் சொத்தாக ஐந்தொகையில் உட்காருகிறது. அதை வரவேண்டிய கடன் என்று எழுதக் கூடாது. அந்தப் பணத்தைக் கேட்கும் உரிமை காலம் கழிவதை மட்டுமன்றி, நிறுவனம் இனி சேவை வழங்குவதையும் பொறுத்திருக்கிறது. பிறகு மாதந்தோறும் 95 ரிங்கிட்டுக்கு விலைப்பட்டி போகும்போது அதில் 61.50 சேவை வருவாயாகும், எஞ்சிய 33.50 ஒப்பந்தச் சொத்தைக் குறைக்கும். 24 மாதங்களில் 33.50 வீதம் 804-உம் தீர்ந்துவிடும். கைப்பேசியின் அடக்க விலை 950 என்பதால் 770 ரிங்கிட் நட்டம் இருந்த இடத்தில் இப்போது 34 ரிங்கிட் இலாபம் தெரிகிறது. இரண்டு ஆண்டுகளின் மொத்த வருவாய் ஒரு சென்னும் கூடவில்லை. எந்தக் காலத்தில், எந்தப் பொருளின் பெயரில் அது எழுதப்படுகிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் நான் பார்த்த ஏடுகளில் தவறு நடந்த இடம் பெரும்பாலும் ஒன்றே. சேவையின் தனி விற்பனை விலையாக, கைப்பேசியும் சேவையும் சேர்ந்த கட்டுத் திட்டத்தின் சொந்த மாதக் கட்டணமான 95 ரிங்கிட்டையே எடுத்துவிடுகிறார்கள். சந்தா மென்பொருளில் திட்டத்தின் பெயருக்கு எதிரே இருக்கும் எண் அதுதான் என்பதால் கை தானாக அங்கே போகிறது. ஆனால் அந்த 95-க்குள் கைப்பேசியின் விலை ஒளிந்திருக்கிறது; எதைப் பிரிக்க வேண்டுமோ அதையே அளவுகோலாக்குவது போன்றது இது. அப்படிச் செய்தால் சேவையின் மதிப்பு 2,280 ஆகி, கைப்பேசிக்கு 984-க்குப் பதில் ஏறத்தாழ 848 ரிங்கிட்தான் சேரும். ஒரு கைப்பேசிக்கு 136 ரிங்கிட்டுக்குச் சற்றே குறைவான வித்தியாசம். பத்தாயிரம் ஒப்பந்தங்களில் அது 13 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு சிறு சோதனை செய்வதுண்டு. ஒரே அளவு டேட்டாவும் அழைப்பும் தரும் திட்டத்தை, விலை உயர்ந்த கைப்பேசியோடும், மலிவான கைப்பேசியோடும், கைப்பேசியே இல்லாமலும் விற்ற மூன்று ஒப்பந்தங்களை எடுத்து, சேவைக்கு எடுத்துக்கொண்ட தனி விலையை ஒப்பிடுவேன். சேவை ஒன்றாக இருக்கும்போது அந்த எண் மூன்றிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கைப்பேசியின் விலை ஏற ஏற அதுவும் ஏறினால், தவறு அங்கே இருக்கிறது.

தனி விலையைத் தேடும்போது பட்டியலில் அச்சிட்ட விலையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தயாரிப்பாளர் 1,299 என்று பரிந்துரைத்தாலும் கடையில் உண்மையில் 1,200-க்கே விற்பனை நடக்கிறது என்றால் 1,200-தான் சான்று. அதே திட்டம் சிம் மட்டுமாக விற்கப்படாவிட்டால், அதற்கு மிக நெருங்கிய திட்டத்தை எடுத்து, டேட்டா அளவில் உள்ள வேறுபாட்டுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். திருத்திய விதத்தைக் காரணத்தோடு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். சேவையின் 1,800-ஐ மொத்தத்திலிருந்து கழித்து, மிஞ்சுவது கைப்பேசிக்கு என்று எழுதும் குறுக்குவழியையும் சிலர் நாடுகிறார்கள். அதன்படி கைப்பேசிக்கு 660 ரிங்கிட்தான் வரும். 540 ரிங்கிட் தள்ளுபடி முழுவதும் அதன் தலையில் விழும். ஒரு பொருளின் விலை ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும்போதோ, அது இன்னும் தனியாக விற்கப்படாமலும் விலை நிர்ணயிக்கப்படாமலும் இருக்கும்போதோதான் இப்படிக் கழித்து மிஞ்சுவதை எழுதும் மிச்சமுறைக்கு இடமுண்டு. கடையில் அன்றாடம் தனியாக விற்பனையாகும் கைப்பேசிக்கு அது பொருந்தாது.

புதிய மாடல் வந்து ஆறு மாதத்தில் அதே கைப்பேசி 900 ரிங்கிட்டுக்கு இறங்குவதும் வழக்கம். ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களை அதற்காகத் திருத்தக் கூடாது. பிரிப்பு விகிதம் ஒப்பந்தம் தொடங்கிய நாளின் விலைகளோடு நின்றுவிடுகிறது. விலை இறங்கிய நாளிலிருந்து போடும் புதிய ஒப்பந்தங்களுக்கு மட்டும் புதிய விலை. மென்பொருளில் விலை அட்டவணையைத் தேதியிட்டு வைக்காமல் பழைய எண்ணின் மேலேயே புதியதை எழுதும் நிறுவனங்களில் இந்த இரண்டும் கலந்துவிடுகின்றன.

இந்த 24 மாதம் என்பது எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். விளம்பரத்தில் 24 மாதம் என்று இருப்பது மட்டும் போதாது. இடையில் விலகினால் வாடிக்கையாளர் கட்ட வேண்டிய கணிசமான தொகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எந்த அபராதமும் இல்லாமல் எந்த மாதமும் விலகலாம் என்றால், இன்னும் வராத 23 மாதக் கட்டணத்தை ஒப்பந்த விலையில் சேர்க்கவே முடியாது. அப்போது 804 ரிங்கிட் ஒப்பந்தச் சொத்துக்கும் இடமில்லை.

பணம் இரண்டு ஆண்டுகளில் பரவி வருவதால் அதற்குள் வட்டியும் இருக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. ஓராண்டுக்குள் முடியும் இடைவெளிக்குத் தரும் விலக்கு இங்கே கிடைக்காது. ஆண்டுக்கு நூற்றுக்கு 6 என்று வைத்து 804 ரிங்கிட்டுக்குக் கணக்கிட்டால் வட்டி சுமார் 48 ரிங்கிட், அதாவது ஒப்பந்த விலையில் நூற்றுக்கு இரண்டு. இந்த அளவைப் பெரிதல்ல என்று நான் ஏற்றுக்கொண்டேன். விலை உயர்ந்த கைப்பேசியை முன்பணமே இல்லாமல் 36 மாதத்துக்குக் கொடுக்கும் திட்டத்தில் இதே முடிவை எடுக்கத் தயங்குவேன்.

விகிதத்தைச் சரியாகப் போட்டுவிட்ட நிறுவனங்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 984 ரிங்கிட்டை முதல் நாளே வருவாயாக எழுதும்போது, இன்னும் கைக்கு வராத பணத்தை நம்பி எழுதுகிறோம். வாடிக்கையாளர் பத்தாவது மாத முடிவில் விலகினால் ஒப்பந்தச் சொத்தில் 335 ரிங்கிட் தீர்ந்து 469 மிஞ்சியிருக்கும். விலகல் அபராதம் 300 ரிங்கிட் என்றால், அதை முழுவதும் வசூலித்தாலும் 169 ரிங்கிட் நட்டம். வசூலாகாவிட்டால் 469-உம் போனதுதான். இந்த இழப்பை ஆட்கள் விலகிய பிறகு எழுதக் காத்திருக்காமல், ஒப்பந்தச் சொத்தின் மீது எதிர்பார்க்கும் கடன் இழப்பை முதல் நாளிலிருந்தே கணித்து ஒதுக்க வேண்டும் என்று நிதிக் கருவிகளுக்கான எம்.எஃப்.ஆர்.எஸ். 9 சொல்கிறது. நான் தணிக்கை செய்த அந்த நிறுவனம் விற்பனையை 984-க்குத் திருத்தியது. ஆனால் இழப்பு ஒதுக்கீட்டை, விலைப்பட்டி அனுப்பிய நிலுவைகளுக்கு மட்டும் போட்டு, ஒப்பந்தச் சொத்தை அப்படியே விட்டிருந்தது. கட்டணம் கட்டாமல் இணைப்புத் துண்டிக்கப்பட்டவர்கள் எந்தெந்த மாதத்தில் நின்றார்கள் என்ற பட்டியலை வசூல் பிரிவிலிருந்து வாங்கி, அந்தந்த மாதத்தில் மிஞ்சியிருந்த ஒப்பந்தச் சொத்தோடு பொருத்திப் பார்த்த பிறகுதான் ஒதுக்கீடு எவ்வளவு வேண்டும் என்பது தெரியவந்தது. அந்தப் பட்டியல் வசூல் பிரிவில் மாதந்தோறும் தயாராகிக்கொண்டுதான் இருந்தது. கணக்குப் பிரிவு அதைக் கேட்டதே இல்லை.