சம்பளத்தை மாதங்களாக எண்ணிப் பாருங்கள்

இறுதித் தேர்வு முடிந்த கையோடு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் இரண்டு கடிதங்களோடு வருகிறார்கள். ஒன்று பணி நியமனக் கடிதம், இன்னொன்று முதுநிலைப் படிப்புக்கான சேர்க்கைக் கடிதம். உட்கார்ந்ததும் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "எது நல்லது?" எந்தக் கடிதத்தையாவது கடைசிப் பக்கம் வரை படித்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் படித்திருக்க மாட்டார்கள். சம்பளம் எழுதிய வரியையும் கல்லூரியின் பெயரையும் பார்த்ததோடு சரி.

முதலில் ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். சில துறைகளில் முதுநிலைப் பட்டம் நுழைவுச் சீட்டு போன்றது. மனநல ஆலோசனை, ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியப் பணி போன்றவற்றில் பல இடங்களில் அது இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். அந்த வேலைதான் வேண்டும் என்றால் கீழே வரும் கணக்கு உங்களுக்குத் தேவையில்லை. எப்போது படிப்பது என்பதுதான் கேள்வி. உங்கள் துறை எந்த வகை என்று தெரியவில்லையா? ஐந்து ஆண்டு கழித்து நீங்கள் பார்க்க விரும்பும் வேலைக்கான விளம்பரங்களில் பத்தை எடுத்து வாசியுங்கள். எத்தனை விளம்பரங்கள் முதுநிலையைக் கட்டாயம் என்கின்றன, எத்தனை 'அல்லது அதற்கு ஈடான அனுபவம்' என்கின்றன என்று எண்ணுங்கள். அரை மணி நேர வேலை. உறவினர்களிடம் கேட்டு வாங்கும் கருத்துகளைவிட இது நம்பகமானது.

மற்றவர்களுக்குக் கணக்கு வேண்டும். புள்ளியியல் பட்டம் முடித்த ஒரு பெண்ணோடு உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே தருகிறேன். பணத்தின் பெயரை விட்டுவிட்டு, அவருக்கு வந்த வேலையின் ஒரு மாதச் சம்பளத்தையே அளவாக வைத்துக்கொண்டோம்.

இரண்டு ஆண்டுப் படிப்புக்கு மொத்தக் கட்டணம் 14 மாதச் சம்பளம். அதைக் கல்விக் கடனாக வாங்குவதாக எண்ணம். வேலைக்குப் போனாலும் படித்தாலும் சாப்பாடும் தங்குமிடமும் ஏறக்குறைய ஒரே செலவு என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் போட்டு வந்திருந்த கணக்கு இப்படி: படித்து முடித்தால் சம்பளம் 1.6 மடங்காகும், அதாவது மாதம் 0.6 கூடுதல், 14-ஐ 0.6-ஆல் வகுத்தால் 23 மாதம். இரண்டு ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

இதில் மூன்று இடத்தில் ஓட்டை. படிக்கும் இரண்டு ஆண்டில் வாங்காமல் விட்ட 24 மாதச் சம்பளம் கணக்கில் இல்லை. கடனுக்குப் படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பதை 'வட்டி இல்லை' என்று புரிந்துகொண்டிருந்தார். அவர் காட்டிய கடன் விதிமுறையில் தவணைதான் தள்ளிப்போயிருந்தது, வட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி, ஆண்டுக்குப் பாதியாகக் கடன் கைக்கு வருகிறது, படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத் தவணை தொடங்குகிறது என்று வைத்தால் அதற்குள் சேரும் வட்டி 2.8 மாதச் சம்பளம். ஆக உண்மையான விலை 14 அல்ல, ஏறக்குறைய 41.

மூன்றாவது ஓட்டைதான் பெரியது. 1.6-ஐ அவர் இன்றைய சம்பளத்தோடு ஒப்பிட்டார். வேலைக்குப் போயிருந்தால் இரண்டு ஆண்டில் அந்தச் சம்பளமும் உயர்ந்திருக்குமே? அது 1.2 ஆகும் என்று கொண்டால் வித்தியாசம் 0.4 தான். 41-ஐ 0.4-ஆல் வகுத்தால் 102 மாதம், எட்டரை ஆண்டு. படித்த பின் 2 மடங்கு கிடைத்தால் நான்கேகால் ஆண்டில் மீண்டுவிடலாம். 1.3 மடங்குதான் என்றால் 34 ஆண்டு! பிற்காலத்தில் இருவருக்கும் சம்பளம் எப்படி ஏறும் என்பது இதில் இல்லை, முரட்டுக் கணக்குதான். ஆனாலும் எல்லாம் எந்த ஓர் எண்ணில் தொங்குகிறது என்று அது காட்டிவிடுகிறது. அந்த 1.6 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கல்லூரியின் விளம்பரக் கையேட்டிலிருந்து என்றார். கையேட்டில் போடுவது சராசரி. மிகப் பெரிய சம்பளம் வாங்கிய நான்கு பேர் அதைத் தூக்கிவிட முடியும். அந்தப் படிப்பை முடித்து ஓராண்டு ஆனவர்கள் மூன்று பேரிடமாவது நேரில் கேட்க வேண்டும்.

அதற்கு அவருக்கு அவகாசம் இல்லை. வேலைக்குப் பதில் சொல்ல ஏழு நாள்தான் இருந்தது. ஆகவே சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். கேட்காமலேயே இடத்தை விட்டுக்கொடுக்கிறவர்கள் அதிகம். எல்லாக் கல்லூரியும் ஒப்புக்கொள்ளாது. ஒப்புக்கொண்டாலும் உதவித்தொகையைச் சேர்த்துத் தள்ளிவைப்பது அரிது. இரண்டையும் தனித்தனியாக, எழுத்தில் கேட்க வேண்டும். அவருக்கு உதவித்தொகை இல்லாததால் விஷயம் எளிதாயிற்று. முன்பணம் கட்டினால் இடம் ஓராண்டு இருக்கும் என்று நான்காம் நாள் பதில் வந்தது.

அடுத்து வேலைக் கடிதத்தின் கடைசிப் பக்கம். சேர்ந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விலகினால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும். விலக இரண்டு மாத நோட்டீஸ். சேரும் தேதி மட்டும் 'பின்னர் தெரிவிக்கப்படும்'. இந்த இரண்டு சொல்லைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். சேர்க்கையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, வராத தேதிக்காக ஏழு மாதம் வீட்டில் இருந்த ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். தேதியை எழுத்தில் தரும்படி கேட்கச் சொன்னேன். ஆகஸ்ட் 16 என்று வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-இல் 12 மாதம் நிறைகிறது, ஜூன் நடுவில் நோட்டீஸ் கொடுத்தால் போதும், வகுப்பு செப்டம்பரில். இரண்டு வாரம் மிச்சம். அந்தத் தேதி அக்டோபர் என்று இருந்திருந்தால் தள்ளிவைத்த இடத்தால் பயனே இருந்திருக்காது.

வேலையில் சேர்வதற்குள் பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதத்துக்குச் சொல்லிவைக்கவும் சொன்னேன். இரண்டு ஆண்டு கழித்துப் போனால் முகம் நினைவிருக்கும், செய்த ஆய்வு நினைவிருக்காது. நுழைவு மதிப்பெண்களுக்கும் ஆயுள் உண்டு: முதுநிலை நுழைவுத் தேர்வான ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து ஆண்டு, ஆங்கிலத் திறன் தேர்வுகளான ஐஇஎல்டிஎஸ், டோஃபல் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டு.

அவர் வேலையில் சேர்ந்தார். ஒன்பது மாதம் கழித்து, மே மாதத்தில், அதே கணக்குத் தாளோடு வந்தார். 1.6 என்ற எண் அடிக்கப்பட்டு மேலே 1.3 என்று எழுதியிருந்தது. அதே படிப்பை முடித்த இருவர் அவருடைய பிரிவிலேயே, பக்கத்து மேசையில், அவர் செய்யும் வேலையையே செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு மடங்கு வாங்குகிறவர்கள் வேறு பிரிவில் இருந்தார்கள், அவர்கள் படித்தது உயிரிப் புள்ளியியல். ஜூன் நடுவில் அவர் நோட்டீஸ் கொடுக்கவில்லை. தள்ளிவைத்த இடத்தை விட்டுவிட்டார், முன்பணம் போயிற்று. உயிரிப் புள்ளியியலுக்கு விண்ணப்பம் அக்டோபரில் தொடங்குகிறது. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் டிசம்பர் வரை செல்லும் என்பதைத் தாளின் மூலையில் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தார்.