நேற்றையும் நாளையையும் ஒரே நாளில் கற்பிக்காதீர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் தொழிலாளர்களுக்கு, வாரத்தில் மூன்று மாலை தமிழ் சொல்லித் தரும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கிழமைகள், நிறங்கள், நேற்று, இன்று, நாளை என்று வகைவகையாக நாற்பது சொற்களைப் பலகையில் எழுதிப் போட்டாராம். எல்லோரும் நோட்டில் பத்து முறை எழுதினார்களாம். அடுத்த வாரம் கேட்டால் பாதிச் சொற்கள் நினைவில் இல்லை, மீதியிலும் நேற்று நாளையாகிவிட்டது. "எங்கே தவறு?" என்பது அவர் கேள்வி.

முதலில் சொற்தேர்வு. எந்த மொழியிலும் சில நூறு சொற்களே பேச்சின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. அன்றைய வங்காளத்தில் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், 1953இல் ஆங்கிலத்துக்கு ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். சாதாரண ஆங்கில நூல்களில் வரும் சொற்களில் சுமார் 80 விழுக்காடு அதற்குள் அடங்கிவிடும். ஆனால் எழுத்துத் தமிழில் எடுத்த பட்டியல் திருப்பூரில் உதவாது. அந்தத் தொழிலாளரின் காதில் விழுவது 'வா' அன்று, 'வாங்க', 'வந்தீங்களா' என்னும் வடிவங்களே. ஆகவே வேலையிடத்தில் ஒரு நாள் நின்று, அடிக்கடி கேட்பவற்றைக் குறித்துக்கொள்வதே சரியான தொடக்கம். வட்டாரப் பேச்சைப் பதிவு செய்து இத்தகைய பட்டியல்களைத் தயாரிக்கும் ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்கள் நிதி ஒதுக்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

அடுத்தது, நேற்று நாளையான கதை. இந்தியில் இரண்டுக்கும் 'கல்' என்னும் ஒரே சொல்தான். தொழிலாளரின் மனத்தில் இருக்கும் அந்த ஒரே கொக்கியில் இரண்டு புதுச் சொற்களை ஒரே மாலையில் மாட்டினால், எது எதற்குரியது என்பது குழம்பத்தான் செய்யும். நிறங்களிலும் கிழமைகளிலும் நடப்பது இதுவே. பொருளால் நெருங்கிய சொற்களை முதன்முதலில் ஒன்றாகக் கற்றால் அவை ஒன்றையொன்று இடறுகின்றன என்பது 1990களிலிருந்து சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. வகைப்படுத்திய பட்டியல் ஆசிரியருக்கு வசதி, கற்பவருக்குச் சுமை.

இனி, மறதி. இங்கே எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்ப்பிக், ரோடிகர் என்னும் இரு உளவியலாளர்கள் 2008இல் அமெரிக்க மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளுடன் கற்பித்தார்கள். எல்லோரும் எல்லாச் சொற்களையும் ஒருமுறையாவது சரியாகச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் சிலர், தெரிந்துவிட்ட சொற்களையும் தொடர்ந்து நினைவிலிருந்து எடுத்துச் சொன்னார்கள். வேறு சிலர் அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தார்களே தவிர, எடுத்துச் சொல்லிப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து, முன்னவர்கள் சுமார் 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். பின்னவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கே மிஞ்சியது. இதைவிட வியப்பு ஒன்று உண்டு. எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது எல்லாக் குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவையே சொன்னார்கள். எந்த முறை தமக்கு உதவுகிறது என்பது கற்பவருக்கே தெரிவதில்லை.

பத்து முறை எழுதுவது ஏன் பலிக்கவில்லை என்பது இதிலிருந்து விளங்குகிறது. பலகையிலிருந்து நோட்டுக்குப் போகும் சொல், தேடலே இல்லாமல் கண்ணிலிருந்து கைக்கு இறங்கிவிடுகிறது. மூடிய நோட்டுக்கு முன்னால் தயங்கி, தேடி, கண்டெடுக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் சொல்லை அடையும் தடம் பதிகிறது. இம்பொசிஷனின் மீது நமக்குள்ள நம்பிக்கையை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன்.

வாசகருக்கு என் பரிந்துரை இது. ஒரு மாலைக்கு எட்டுச் சொற்கள் போதும். 'நாளைக்கு' என்பதை 'நாளைக்கு லீவுங்க' என்ற தொடராகவே கொடுங்கள். அதனுடன் கத்தரி, தண்ணி, சம்பளம் போன்று தொடர்பில்லாத சொற்களைச் சேருங்கள். வகுப்பு முடியுமுன் இந்தியில் பொருளைச் சொல்லி, ஐந்து விநாடி காத்திருந்து, தமிழைக் கேளுங்கள். வராவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். விடை தெரியாமல் விடப்பட்ட தேடல் பயன் தராது. அடுத்த வகுப்பின் தொடக்கத்திலும், ஒரு வாரம் கழித்தும் அதே சொற்களைக் கேளுங்கள். தமிழ்ச் சொல்லைக் காட்டி "தெரியுமா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அது முகம் தெரிந்த அளவுதான், பெயர் நினைவிருப்பதற்குச் சான்றாகாது. உச்சரிப்பு இந்த முறையால் மட்டும் திருந்திவிடாது, அதற்குத் தனியே காதுப் பயிற்சி வேண்டும்.

'நாளைக்கு' தயக்கமின்றி வரத் தொடங்கியபின், இரண்டு வாரம் கழித்து 'நேத்து' வரட்டும். இரண்டும் தனித்தனியே ஊன்றியதும் ஒன்றாகக் கேட்கலாம்: "நேத்து வந்தீங்களா? நாளைக்கு வருவீங்களா?" இந்தியிலும் 'கல்' எந்த நாளைக் குறிக்கிறது என்பதை வினையின் காலமே காட்டிக்கொடுக்கிறது என்பதால், 'வந்தேன்', 'வருவேன்' என்று வினையைப் பிடித்துக்கொண்டு சரியான நாளை எட்டுவது அவர்களுக்குப் பழகிய வழிதான்.