ஷிப்ட் நேரத்தை மாற்றும்முன் 21 நாள்: எந்த மாற்றத்துக்கு நோட்டீஸ் வேண்டும்?

சேலத்தில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள், வார்டு உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லாம் சேர்ந்து 45 பேர். ஷிப்ட் காலை 7 முதல் 3, மதியம் 3 முதல் இரவு 11, இரவு 11 முதல் காலை 7. சனிக்கிழமை மாலை வருகைப் பதிவு இருக்கும் இடத்தில் ஒரு தாள் ஒட்டுகிறார்கள்: திங்கள் முதல் ஷிப்ட் 6, 2, 10 மணிக்குத் தொடங்கும். கேட்டால், "எட்டு மணி நேரம் எட்டு மணி நேரமாகத்தானே இருக்கிறது, ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருக்கிறோம், அவ்வளவுதான்" என்கிறார்கள்.

ஆனால் ஏற்காட்டிலிருந்து மலைப்பாதையில் பஸ்ஸில் இறங்கி வருகிற நர்ஸுக்கு அந்த ஒரு மணி நேரம் சின்ன விஷயமில்லை. ஏழு மணிக்கு எப்படியோ வந்து சேர்ந்தவர் ஆறு மணிக்கு வர வேண்டுமென்றால் முந்தின நாளே சேலத்தில் தங்க வேண்டியிருக்கும். மாற்றத்துக்கு முன்னால் நோட்டீஸ் கொடு என்று சட்டம் கேட்பது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

இந்த விதி புதிதல்ல. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது 40-வது பிரிவாக இருக்கிறது. சாரம் ஒன்றுதான். மூன்றாவது அட்டவணையில் சொல்லப்பட்டுள்ள பணி நிலைமை எதையாவது முதலாளி மாற்ற நினைத்தால், பாதிக்கப்படக்கூடிய தொழிலாளர்களுக்கு மாற்றம் என்ன என்று சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் 21 நாள் முடியும்வரை மாற்றக்கூடாது. வேலை நேரமும் இடைவேளையும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. நிலையாணையில், அதாவது நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான பணி விதிகளில், சொல்லப்படாத விதத்தில் ஷிப்ட் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது, காலங்காலமாக இருந்த வழக்கத்தை மாற்றுவது ஆகியவையும் இருக்கின்றன.

மொத்த நேரம் குறையவில்லை, கூடவில்லை என்ற வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் 1972-லேயே பதில் சொல்லிவிட்டது. டாடா இரும்பு எஃகு நிறுவனத்தின் வழக்கு அது. அங்கே மாறியது ஷிப்ட் நேரம்கூட இல்லை. ஞாயிறாக இருந்த வார ஓய்வு வேறு நாளுக்குப் போனது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்ற கணக்கு மாறவில்லை. இருந்தும் 9ஏ நோட்டீஸ் தேவை என்றது நீதிமன்றம். மாற்றத்தால் தங்களுக்கு என்ன ஆகும் என்று தொழிலாளர்கள் யோசித்து, தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுப்பதே இந்தப் பிரிவின் நோக்கம் என்று தீர்ப்பு விளக்கியது. ஆகவே சனிக்கிழமை ஒட்டி திங்கள்கிழமை அமல்படுத்தும் தாள் நோட்டீஸ் ஆகாது. அது வெறும் அறிவிப்பு.

சரி, எல்லா மாற்றத்துக்கும் 21 நாளா? இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். ஏற்கெனவே இருக்கிற மூன்று ஷிப்ட்டுக்குள் ஆட்களைச் சுழற்றுவது, இந்த வாரம் காலை டியூட்டி பார்த்தவரை அடுத்த வாரம் இரவுக்குப் போடுவது, நிலையாணையிலோ நடைமுறையிலோ முன்பே உள்ளதென்றால் அதற்கு இந்த நோட்டீஸ் வேண்டாம். ஆள் மாறுகிறார், ஷிப்ட் மாறவில்லை. ஷிப்ட்டின் மணியே நகர்ந்தாலோ, மூன்று ஷிப்ட் இரண்டானாலோ 40-வது பிரிவு வந்து நிற்கும். முதலில் இந்த வேறுபாட்டைப் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை தேவைப்படாது. தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டோ, தீர்ப்பாயத்தின் தீர்ப்புப்படியோ செய்யும் மாற்றத்துக்கும் நோட்டீஸ் தேவையில்லை.

புதிய சட்டத்தில் இன்னொரு விலக்கு இருக்கிறது. அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அவசர நிலைமையில் நிலையாணைக்கு வெளியே ஷிப்ட்டை மாற்ற வேண்டியிருந்தால், குறைதீர்ப்புக் குழுவைக் கலந்தாலோசித்து நோட்டீஸ் இல்லாமலே மாற்றலாம். இதில் இரண்டு நிபந்தனை இருக்கிறது, இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். வெள்ளம் புகுந்து ஒரு வார்டை மூட வேண்டியிருப்பது அவசரம். அடுத்த மாதம் புது ஸ்கேன் மெஷின் வருவது அவசரம் அல்ல, அது திட்டம். அப்புறம், கலந்தாலோசனை மாற்றத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். மாற்றிவிட்டுக் கையெழுத்து வாங்குவதை ஆலோசனை என்று சொல்ல முடியாது.

20 தொழிலாளர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களில் குறைதீர்ப்புக் குழு கட்டாயம். நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும், மொத்தம் பத்துப் பேருக்கு மேல் போகக்கூடாது. நம் 45 பேர் ஆஸ்பத்திரியில் அப்படியொரு குழுவே அமைக்கவில்லை என்றால் அவசரம் என்ற கதவும் நிர்வாகத்துக்கு மூடியதுதான். அதனால் "அவசரத்துக்காக மாற்றினோம்" என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். நிர்வாகம் முறையாக மார்ச் 2 அன்று நோட்டீஸ் கொடுக்கிறது. கொடுத்த நாளை விட்டு எண்ணினால் 21-வது நாள் மார்ச் 23. புது நேரம் மார்ச் 24-க்கு முன்னால் வரக்கூடாது. ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: நோட்டீஸ் என்றால் சம்மதம் இல்லை. தொழிலாளர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் 21 நாள் போனால் நிர்வாகம் மாற்றலாம். அந்த மூன்று வாரத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் வாரத்திலேயே ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள். "எங்களுக்குக் கஷ்டம்" என்று மட்டும் எழுதாதீர்கள். யார், எந்த ஊர், எந்த பஸ், குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று ஆளுக்கு ஒரு வரியாக எழுதுங்கள். "ஏற்காடு ஆட்கள் நான்கு பேருக்கு மட்டும் பழைய நேரம் இருக்கட்டும்" என்பதுபோல் மாற்று யோசனையும் வையுங்கள். நிர்வாகத்தோடு பேச அதுதான் பிடி. கூடவே ஒரு பிரதியைத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலருக்குக் கொடுத்துத் தகராறு எழுப்புங்கள். சமரச நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறு தொடர்பான பணி நிலைமையைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்ற அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஆனால் சமரசம் தொடங்கியதாகக் கணக்கில் வருவது அலுவலர் முதல் கூட்டத்தை நடத்தும் நாளில்தான், மனு கொடுத்த நாளில் அல்ல. இருபதாவது நாள் மனு கொடுத்தால் கூட்டம் நடப்பதற்குள் மணி மாறிவிடும்.

நோட்டீஸே இல்லாமல் மாற்றிவிட்டால்? வேலைக்குப் போகாமல் இருக்காதீர்கள், பழைய நேரத்துக்குப் போய் வாசலில் நிற்கவும் வேண்டாம். சம்பளப் பிடித்தத்துக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் அது காரணமாகிவிடும். என் யோசனை, ஆட்சேபத்தோடு புது நேரத்துக்கு வருகிறோம் என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிட்டு, உடனே தகராறு எழுப்புவதுதான். ஒட்டிய தாளைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு அது கிழிந்து காணாமல் போகலாம்.

சேலம் சுற்றியுள்ள நூற்பாலைகளுக்கும் இதே 40-வது பிரிவுதான். அங்கே இன்னொரு வேலையும் உண்டு. வேலை நேர அறிவிப்புப் பலகையில் உள்ளதை மாற்றும் முன் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். புது நேரம் காலை 6-க்கு முன்போ இரவு 7-க்குப் பின்போ போகுமானால் பெண்களின் சம்மதம் தனியாக வேண்டும்.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கு அரசுப் பணி விதிகள் இருப்பதால் இந்த நோட்டீஸ் இல்லை. முழுக்கவோ பெரும்பாலுமோ தொண்டுக்காக நடக்கும் அமைப்பின் ஆஸ்பத்திரியைப் புதிய சட்டம் தொழில் என்ற வரையறையிலிருந்தே விலக்கியிருக்கிறது. ஆனால் பெயரில் டிரஸ்ட் என்று இருந்தால் மட்டும் போதாது. நோயாளிகளிடம் முழுக் கட்டணம் வாங்கும் இடமென்றால், தொண்டு என்று எதைச் செய்கிறது என்பதை நிர்வாகம்தான் காட்ட வேண்டும் என்று சமரச அலுவலர் முன் கேளுங்கள்.