எல்லாமே கட்டாயம் என்றால் எதை முதலில் செய்வது?

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருக்கிறார். அவரும் இன்னொருவரும் சேர்ந்து, நெல் கொள்வனவு செய்யும் ஒரு கூட்டுறவு அமைப்புக்குச் செயலி செய்து கொடுக்கிறார்கள். பெரும்போக அறுவடை தொடங்கும் முன் அது கொள்வனவு நிலையங்களில் ஓட வேண்டும். கைவசம் 8 கிழமை. செய்ய வேண்டிய 11 வேலைகளைப் பட்டியல் போட்டு, மொஸ்கோ முறையில் தரம் பிரித்துத் தாருங்கள் என்று அமைப்பின் தலைவரிடமும் கணக்காளரிடமும் நிலையப் பொறுப்பாளர்களிடமும் கொடுத்தாராம். திரும்பி வந்த பட்டியலில் பதினொன்றுக்கும் நேரே 'கட்டாயம்' என்றே இருந்திருக்கிறது. தலைவர் சொன்னது: "ஒண்டும் விட ஏலா தம்பி. மறுகா செய்வம் எண்டு விட்டதெல்லாம் இங்க ஒரு நாளும் நடந்ததில்ல."

மென்பொருள் வேலை செய்யாதவர்களுக்காக முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994இல் ஒரக்கிள் நிறுவனத்தின் பிரித்தானியக் கிளையில் இருந்த டை கிளெக் என்பவர் கொண்டுவந்த முறை இது. வேலைப் பட்டியலை நான்காகப் பிரிக்க வேண்டும்: கட்டாயம், அவசியம், இருந்தால் நல்லது, இம்முறை இல்லை. நான்கின் ஆங்கிலப் பெயர்களுடைய முதல் எழுத்துகளைக் கோத்துத்தான் மொஸ்கோ என்ற பெயர். பிறகு மென்பொருள் திட்டங்களை நடத்துவதற்கான டீ.எஸ்.டீ.எம். என்ற செயல்முறை இதை எடுத்துக்கொண்டு ஒரு எல்லையும் வைத்தது. கட்டாயம் என்ற பிரிவு மொத்த உழைப்பில் 60 வீதத்தைத் தாண்டக் கூடாது. இருந்தால் நல்லது என்ற பிரிவுக்குச் சுமார் 20 வீதம் இருக்க வேண்டும். மிச்சம் அவசியத்துக்கு.

இந்த 60 எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம். அதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

இரண்டு பேர், கிழமைக்கு 5 நாள், 8 கிழமை என்றால் 80 ஆள்நாள். தைப்பொங்கல் விடுமுறை, கூட்டங்கள், வந்து போகிற காய்ச்சல் எல்லாம் கழித்தால் 70 என்று வைக்கலாம். அறுவடைத் தேதி நகராது. ஆட்களும் கூடப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் பிடிக்கும் என்று நாம் போடுவது வெறும் மதிப்பீடு. மழைக்காலத்தில் கரண்ட் போகும், ஒரு கருவி பேச மறுக்கும், ஒரு பிழையைத் தேடியே மூன்று நாள் போய்விடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, மதிப்பீடு எவ்வளவு தூரம் பிழைக்கும் வரை கட்டாயமானவை முடியும் என்பதுதான்.

கணக்கு லேசானது. 70இல் 60 வீதம் 42. கட்டாயமானவற்றுக்கு 42 நாள் என்று மதிப்பிட்டு, உண்மையில் அவை 70 நாள் எடுத்தாலும் அறுவடைக்கு முன் முடிந்துவிடும். அதாவது மதிப்பீடு மூன்றில் இரண்டு பங்கு கூடிப்போனாலும் தாங்கும். கட்டாயமானவை 63 நாள் என்று ஏற்றிவிட்டால், அதாவது 90 வீதம், மதிப்பீடு ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் கூடினாலே எல்லை உடைந்துவிடும். அந்தளவுக்குத் துல்லியமாக மதிப்பிடும் ஆளை நான் இன்னும் காணவில்லை. மற்ற இரண்டு பிரிவுகளில் இருக்கும் வேலைகளே கட்டாயமானவற்றுக்குப் பாதுகாப்பு. நேரம் போதாவிட்டால் அவை விலகி வழிவிடும். எல்லாவற்றையும் கட்டாயம் ஆக்கினால் அந்தப் பாதுகாப்பை நாமே அழித்துவிடுகிறோம். அப்போதும் ஏதோ ஒன்று விடுபடத்தான் செய்யும். எது விடுபடுகிறது என்பதை மட்டும் யாரும் தீர்மானித்திருக்க மாட்டார்கள். கடைசியாகத் தொட்டது எதுவோ அது போகும். அது நெல்லின் விலைக் கணக்காகவும் இருக்கலாம்.

இந்த வீதம் உழைப்பு நாட்களில்தான் பார்க்கப்பட வேண்டும். 11இல் 6 கட்டாயம், ஆகவே பாதிதான் என்று எண்ணிக்கையில் பார்ப்பவர்கள் உண்டு. அந்த ஆறும் பெரிய வேலைகளாக இருந்தால் கணக்கு முழுக்கப் பொய்த்துவிடும்.

சரி, வாசகரின் பட்டியலுக்கு வருவோம். அவர் கொடுத்த மதிப்பீடுகளைக் கூட்டினால் 91 நாள். இருப்பது 70. இதைத் தலைவர் முன் வைத்தாலே பேச்சின் போக்கு மாறும். ஆனால் "எது முக்கியம்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் எல்லாம் முக்கியம் என்றுதான் பதில் வரும், அது உண்மையும்கூட. கேட்க வேண்டியது இப்படி: "நிலையம் திறக்க முதல் நாள் இரவு, இந்த ஒன்று மட்டும் தயாரில்லை என்று நான் வந்து சொன்னால், திறப்பை நிறுத்துவீர்களா?" நிறுத்துவோம் என்றால் கட்டாயம். இல்லை, எப்படியோ சமாளிப்போம் என்றால், அந்தச் சமாளிப்பு எவ்வளவு கஷ்டமானாலும், அது கட்டாயம் அல்ல.

ரசீது அச்சிடுவதை எடுங்கள். 6 நாள் வேலை. ரசீது இல்லாமல் ஒரு விவசாயியும் நெல்லை விட்டுப் போக மாட்டார், அதில் தலைவர் சொல்வது சரி. ஆனால் கட்டாயமானது ரசீது. அச்சு இயந்திரம் அல்ல. போன போகம் வரை கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம்தான் ஓடியது. ஒரு நிலையத்துக்கு நாளைக்கு 60 பேர், ஆளுக்கு 2 நிமிடம் என்றால் கையால் எழுத 2 மணித்தியாலம். ஒரு எழுதுவினைஞர் தாங்கக்கூடிய வேலைதான். ஆகவே அச்சு 'அவசியம்' பிரிவுக்குப் போகிறது. அந்தப் புத்தக எண்ணைச் செயலியில் பதிய ஒரு கட்டம் மட்டும் கட்டாயம். இந்த நிமிடக் கணக்கை ஒவ்வொரு சமாளிப்புக்கும் போட வேண்டும். நாளைக்கு 8 மணித்தியாலம் தின்னும் சமாளிப்பு பேச்சில்தான் சமாளிப்பு. அங்கே தலைவர் கட்டாயம் என்று நின்றால் நாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படி ஏற்க வேண்டியது எடை, ஈரப்பதம், விலை மூன்றையும் சேர்த்த கணக்கு. வட்டையில் இயந்திரத்தால் வெட்டிய நெல் ஈரமாக வரும். 20 வீத ஈரத்தில் வந்த 1,000 கிலோவை 14 வீதத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் 930 கிலோ. அதாவது ஆயிரத்தை 80ஆல் பெருக்கி 86ஆல் வகுக்க வேண்டும். வரிசையில் உழவு இயந்திரங்கள் நிற்கும்போது கையால் போட்டால் பிழைக்கும், பிழைத்தால் காசுச் சண்டை. இந்தக் கணக்குக்காகத்தான் செயலியே கேட்டார்கள். 14 நாள், முழுவதும் கட்டாயம்.

மிகப் பெரிய வேலை, சிக்னல் இல்லாத இடத்திலும் செயலி இயங்குவது. 18 நாள். உன்னிச்சைப் பக்கம் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இது கட்டாயம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இப்படிப்பட்ட பெரிய கட்டாயத்துக்குள் கட்டாயமல்லாத பகுதி ஒளிந்திருக்கும், அதை உடைத்துப் பார்க்க வேண்டும். கருவியிலேயே பதிந்து வைத்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்புவது 12 நாள். ஒவ்வொரு கருவியும் தன் நிலையக் குறியீட்டோடு ரசீது எண்ணைத் தொடங்கினால், இரண்டு கருவிகளில் ஒரே எண் விழாது. ஒரே விவசாயியின் விவரத்தை இரண்டு நிலையங்கள் ஒரே நாளில் மாற்றினால் எதை ஏற்பது என்று செயலியே தீர்ப்பது மிச்சம் 6 நாள். அது அபூர்வமாக நடப்பது. அப்படி மோதும் பதிவுகளை ஒரு பட்டியலாகக் காட்டினால் கணக்காளர் பார்த்துத் திருத்துவார். ஆகவே 12 கட்டாயம், 6 இருந்தால் நல்லது.

இதே மாதிரி மற்றதையும் உடைத்தேன். விவசாயி பதிவில் பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு கட்டாயம். காணி விவரமும் படமும் பிறகு. கொடுப்பனவில் ஆளுக்கு எவ்வளவு என்பது கட்டாயம். வங்கி கேட்கும் வடிவில் கோப்பு உண்டாக்குவது அவசியம், ஏனென்றால் அந்தக் கோப்பைக் கணக்காளர் விரிதாளில் செய்ய முடியும். தராசில் இருந்து எடையைத் தானாக எடுப்பது, தலைவருக்கான வரைபடத் திரை, பழைய போகங்களின் பதிவுகளை ஏற்றுவது மூன்றும் இம்முறை இல்லை. முடிவில் கட்டாயம் 38, அவசியம் 17, இருந்தால் நல்லது 15. கூட்டினால் 70. வெளியே வைத்தது 21. கட்டாயம் 54 வீதம்தான், ஆகவே எல்லைக்குள் இருக்கிறோம்.

ஒரு சோதனை மிச்சம். கட்டாயமான எதுவும் மற்றப் பிரிவில் இருக்கும் ஒன்றை நம்பி நிற்கிறதா? நின்றால் அதையும் மேலே ஏற்றி, வீதத்தைத் திரும்பப் போட வேண்டும். ரசீது எண்ணுக்கான கட்டத்தை அச்சு வேலையோடு விட்டிருந்தால் இப்படித்தான் மாட்டியிருப்போம்.

இப்போது தலைவர் சொன்ன அந்தப் பேச்சு. மறுகா என்று விட்டது நடப்பதில்லை என்பது பிடிவாதம் அல்ல, அனுபவம். பல திட்டங்களில் இரண்டாவது பிரிவு என்றால் குப்பைக்கூடை என்றே அர்த்தம். அதைக் கண்டவர் எல்லாவற்றையும் முதல் பிரிவில் ஏற்றுவது நியாயமான தற்காப்பு. நம் மாவட்டங்களில் கொடை நிதியில் நடக்கும் திட்டங்கள் இதை இன்னும் மோசமாக்குகின்றன என்பது என் கருத்து. நிரலாளர் ஒருவரும் பார்க்காத முன்மொழிவில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒப்பந்தக் கடமை ஆகிவிடுகிறது. நிதி கொடுப்பவர்கள் வசதிகளின் பட்டியலை விட்டுவிட்டு, இத்தனை விவசாயிக்குப் பிழையில்லாமல் காசு போக வேண்டும் என்று இலக்கை மட்டும் எழுத வேண்டும்.

ஆகவே வாசகர் தலைவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது: மதிப்பீடு ஓரளவு சரியாக இருந்தால் அவசியம் என்ற 17 நாள் வேலையும் அறுவடைக்கு முன் வரும். அதைத் தருவதுதான் எங்கள் திட்டம். உத்தரவாதம் 38க்கு மட்டும். பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை முடிந்த வேலையைக் கருவியிலேயே காட்ட வேண்டும். அவசியம் பிரிவில் ஒன்று முடிந்து கையில் வந்ததைப் பார்த்தால் அடுத்த பட்டியலில் தலைவரின் பிடி தளரும்.

நடுவில் புதிதாக ஒரு கட்டாயம் வந்தால், அதே நாள் கணக்கில் எது இறங்குகிறது என்பதைக் கேட்டவரே அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். அதற்கு 'இம்முறை இல்லை' பட்டியலையும் மற்ற மூன்றோடு சேர்த்து அச்சடித்து எல்லோரிடமும் ஒப்பம் வாங்கி வையுங்கள். தராசு வேலை விடுபட்டது யாருக்கும் தெரியாமல் அல்ல என்பது அதில் இருக்கும், சிறுபோகத்துக்குப் பட்டியல் போடும்போது அங்கிருந்தே தொடங்கலாம்.