மண்டபம் உறுதியாகும் வரை ஒரு நாளை ஒதுக்கித் தரும்படி கேட்பது

கொழும்பில் கருத்தரங்கோ, நூல் வெளியீடோ, நினைவுப் பேருரையோ நடத்த முனையும் எவரும், பேச்சாளரின் நாளும் மண்டபத்தின் நாளும் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் நிலையைச் சந்தித்தே ஆக வேண்டும். நாள் தெரிந்தால்தான் பேச்சாளர் சம்மதிப்பார். பேச்சாளர் சம்மதித்த நாளுக்குத்தான் நாம் மண்டபத்துக்கு முற்பணம் கட்ட முடியும். ஆகவே “இந்த நாளைத் தற்காலிகமாக எங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்” என்று கேட்கிறோம். நிகழ்ச்சி ஒழுங்கமைப்பைத் தொழிலாகச் செய்துவரும் எனக்கு, இந்தக் கோரிக்கையில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது ஒன்றுதான் என்று தோன்றுகிறது: அந்த ஒதுக்கீடு எப்போது முடிகிறது என்பதை நாம் சொல்வதில்லை.

முடிவு நாளைச் சொல்வதற்கு, மண்டபத்தில் நமது இடம் எத்தகையது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். “பதிந்து வைத்திருக்கிறோம்” என்று மண்டப அலுவலகம் சொல்லும் ஒரே வார்த்தைக்குள் மூன்று வெவ்வேறு நிலைகள் இருக்கலாம். முற்பணம் கட்டிப் பற்றுச்சீட்டு பெற்றிருந்தால் நாள் நம்முடையது. பெயரை மட்டும் குறித்துக்கொண்டு, குறித்த நாளுக்குள் முற்பணம் கட்டும்படி சொல்லியிருந்தால் நாம் முதல் வரிசையில் இருக்கிறோம். முடிவு நம் கையில் இருக்கிறது. நமக்கு முன்பே வேறொருவர் பெயரைக் குறித்திருந்து, அவர் விலகினால் நமக்குத் தருவதாகச் சொல்லியிருந்தால் நாம் இரண்டாம் வரிசையில் இருக்கிறோம். அப்போது முடிவு நமக்குத் தெரியாத ஒரு குடும்பத்தின் கையில் இருக்கிறது. இந்த மூன்றாவது நிலையில் இருந்துகொண்டு இரண்டாவது நிலையில் இருப்பதுபோல் பேச்சாளரிடம் கேட்பதுதான் பின்னர் வரும் மனக்கசப்புகள் பலவற்றுக்குக் காரணம். மண்டப அலுவலகத்திடம் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: எங்களுக்கு முன் எவரேனும் இருக்கிறார்களா? இருந்தால் அவர்கள் முற்பணம் கட்ட வேண்டிய கடைசி நாள் எது?

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் ஒக்டோபர் 24, சனிக்கிழமை மாலை ஒரு பேருரை. பேச்சாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டிய பேராசிரியர். மண்டபத்தை அன்றைக்கு ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்துக்காக ஒரு குடும்பம் முன்பே கேட்டிருக்கிறது. அவர்கள் செப்டெம்பர் 23, புதன்கிழமைக்குள் முற்பணம் கட்ட வேண்டும். அப்படியானால் பேராசிரியருக்கு நாம் சொல்லக்கூடிய முடிவு நாள் செப்டெம்பர் 25, வெள்ளிக்கிழமை. 23ஆம் திகதியையே சொல்லிவிடக் கூடாது. அலுவலகம் தொலைபேசியை எடுக்கவும், நாம் முற்பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் கையில் வாங்கவும் ஒன்றிரண்டு நாள் தேவை. அதற்காக வாரக்கணக்கில் தள்ளிப்போடுவதும் சரியன்று, ஏனெனில் நாம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் அவர் இன்னொருவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் நாள்.

அடுத்ததாக, எவ்வளவு நேரத்தை ஒதுக்கக் கேட்கிறோம் என்பது. உரை மாலை 5 மணி முதல் 7 மணி வரைதான். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து இரவுப் பேருந்தில் வருபவருக்கு அது வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு காலை வரை நீள்கிறது. அந்த இரண்டு மணித்தியாலத்தை மட்டும் குறிப்பிட்டால், அவர் சனி காலையில் யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பையோ கூட்டத்தையோ ஏற்றுக்கொண்டுவிடலாம். அது அவர் தவறாகாது. பயணத்தையும் சேர்த்துக் கேட்பதே முறை. அவருக்கு அனுப்பும் கடிதம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

“மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, ஒக்டோபர் 24, சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வெள்ளவத்தையில் நடத்தக் கருதியிருக்கும் பேருரையை ஆற்றித் தருமாறு தங்களை வேண்டுகிறோம். மண்டபம் இன்னும் உறுதியாகவில்லை. எங்களுக்கு முன் வேறொருவர் அந்த நாளைக் கேட்டிருக்கிறார். ஆகவே வெள்ளி இரவு முதல் ஞாயிறு காலை வரையான நேரத்தை, செப்டெம்பர் 25 மாலை 5 மணி வரை மட்டும், தற்காலிகமாக ஒதுக்கி வைக்க முடியுமா? அந்த நேரத்துக்குள் எங்களிடமிருந்து உறுதிப்பாடு வராவிட்டால் தாங்கள் எங்களைக் கேளாமலே அந்த நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதற்கு முன்னர் வேறோர் அழைப்பு வந்தால், தயவுசெய்து ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிவியுங்கள். மறுநாளுக்குள் முடிவைச் சொல்கிறோம்.”

இக்கடிதத்தில் நான் மிகவும் வற்புறுத்துவது “எங்களைக் கேளாமலே” என்ற பகுதியை. நம்மவர்களிடையே, ஒருவருக்குக் கொடுத்த நாளைத் தானாக எடுத்துக்கொள்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் வலுவாக இருக்கிறது. அதனாலேயே மூத்தவர்கள் பலர், கேட்டவர் மறந்துவிட்ட ஒரு நாளைக் கடைசிவரை காத்து வைத்திருந்து, வந்த வேறு அழைப்புகளை மறுத்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தை நீக்கும் அனுமதியை எழுத்தில் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். “மறுநாளுக்குள் முடிவு” என்ற வாக்குறுதியையும் யோசித்தே கொடுக்க வேண்டும். அப்படி ஓர் அழைப்பு வந்தால், அரங்கேற்றக் குடும்பத்தை விரைவாக முடிவு செய்யும்படி கேட்க முடியுமா என்று மண்டபத்திடம் விசாரிக்கலாம். முடியாதென்றால், நாளை உடனே விட்டுக்கொடுப்பதுதான் அந்த வாக்குறுதிக்குப் பொருள்.

மாற்று நாளையும் சேர்த்துக் கேட்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கேட்கலாம்; ஆனால் எது முதல் விருப்பம் என்பதைச் சொல்லி, ஒன்று உறுதியானதும் மற்றதை அன்றே விடுவிக்க வேண்டும். மூன்று நாட்களுக்கு மேல் கேட்பதை நான் ஏற்பதில்லை. அது ஒருவரின் மாதத்தையே முடக்கிவிடும்.

பேச்சாளர் கைத்தொலைபேசி நாட்காட்டியைப் பயன்படுத்துபவராக இருந்தால், நாட்காட்டி அழைப்பையும் அனுப்புவது நல்லது. தலைப்பின் முதற்சொல்லே “தற்காலிகம்” என்று இருக்கட்டும்; முடிவு நாளையும் தலைப்பிலேயே எழுதுங்கள், ஏனெனில் திரையில் அவர் பார்ப்பது பெரும்பாலும் தலைப்பை மட்டுமே. நாட்காட்டிக் கோப்பின் உள்ளே இந்த நிலையைக் குறிக்கும் வரி இது:

```
STATUS:TENTATIVE
```

உறுதியானதும் இது CONFIRMED என்றும், கைவிட்டால் CANCELLED என்றும் மாற வேண்டும். எல்லாச் செயலிகளும் இவ்வேறுபாட்டைத் திரையில் காட்டுவதில்லை என்பதால் தலைப்புச் சொல்லையே நம்புங்கள். மண்டபம் கிடைத்தவுடன் புதிய அழைப்பை அனுப்பாமல், பழைய அழைப்பையே திருத்தி இடத்தைச் சேர்க்க வேண்டும். புதிதாக அனுப்பினால் பழையதும் அவருடைய நாட்காட்டியில் கிடக்கும். எது உண்மையானது என்று அவருக்குத் தெரியாது.

ஒதுக்கீடு நிலுவையில் இருக்கும்போது அவருடைய பெயரை அழைப்பிதழில் அச்சிடுவதோ வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதோ கூடாது. “விவரம் பின்னர்” என்று கீழே எழுதியிருந்தாலும், பார்த்தவர்கள் அவர் சம்மதித்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு விலகும் சுதந்திரம் அவருக்கு இல்லாமல் போய்விடுகிறது.

செப்டெம்பர் 25 நெருங்கியும் மண்டபம் பதில் சொல்லாமல் இருக்கக்கூடும். அரங்கேற்றக் குடும்பத்துக்கு அலுவலகம் தவணை கொடுத்திருக்கலாம். நீடிப்புக் கேட்பதானால் காலம் முடிவதற்கு முன்பே, 24ஆம் திகதியன்றே, காரணத்தையும் புதிய முடிவு நாளையும் சொல்லிக் கேட்க வேண்டும். அதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது. அவர் முடியாதென்றால் நாள் அவருடையது. மண்டபம் கிடைக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், முடிவு நாள் வரை காத்திராமல் அந்த மணித்தியாலத்திலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டு, “ஒக்டோபர் 24ஐத் தாங்கள் விடுவித்துக்கொள்ளலாம், அந்த நாள் குறித்து எங்களிடமிருந்து இனி எதுவும் வராது” என்று எழுத்திலும் அனுப்பி, நாட்காட்டி அழைப்பை நீக்கிவிடுங்கள். வேறொரு நாளுக்கான கோரிக்கையை அதே கடிதத்தில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், பழைய நாள் விடுபட்டதா இல்லையா என்பது மீண்டும் தெளிவற்றுப் போகும்.