இழப்பு வெறுப்பு, மீளாச் செலவு: ‘போட்ட காசு வந்தா போதும்’

நஷ்டத்தில் நிற்கும் பங்கைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும்: “அசல் வந்தா போதும், வித்துட்டு வெளிய வந்துடுவேன்.” இதற்குள் இரண்டு கலைச்சொற்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று லாஸ் அவெர்ஷன், மற்றது சங்க் காஸ்ட்.

முதலாவதை உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஏமஸ் டுவெர்ஸ்கி இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை பரவலாக்கியது. ஒரே தொகை வரும்போது தரும் மகிழ்ச்சியைவிடப் போகும்போது தரும் வலி பெரிது. 1992-இல் அவர்கள் இதைச் சுமார் இரண்டேகால் மடங்கு என்று கணித்தார்கள். அதைவிட வணிகருக்கு முக்கியமானது, நஷ்டத்தில் இருக்கும்போது மனிதர் துணிந்து சூதாடுவார் என்ற அவர்களின் மற்றொரு முடிவு. உறுதியான சிறு நஷ்டத்தை ஏற்பதைவிட, அசல் திரும்பும் வாய்ப்புக்காகப் பெரிய நஷ்டத்தையும் பணயம் வைப்பார்.

தமிழில் இதை ‘இழப்புத் தவிர்ப்பு’ என்று எழுதுவதுண்டு. அது பொருந்தவில்லை. பங்கை விற்காமல் வைத்திருப்பவர் இழப்பைத் தவிர்க்கவில்லை. அதைக் கணக்கில் ஏற்க மறுக்கிறார். அவெர்ஷன் குறிப்பது செயலை அல்ல, மனநிலையை. எனவே ‘இழப்பு வெறுப்பு’ சரி. சங்க் காஸ்டுக்கு ‘மூழ்கிய செலவு’ என்ற நேர்ப்பெயர்ப்பு இருக்கிறது. ஆனால் மூழ்கியதைத் தேடி எடுத்துவிடலாம் என்ற நப்பாசை அதில் ஒட்டிக்கொள்கிறது. என்ன முடிவெடுத்தாலும் திரும்பாத பணம் என்பதே பொருள் என்பதால் ‘மீளாச் செலவு’ தெளிவானது.

இரண்டும் கைகோக்கும் இடம் ‘ஆவரேஜ்’ செய்வது, அதாவது விலை இறங்கிய பங்கையே மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பது. யெஸ் பேங்க் பங்கை எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டி இருந்த பங்கு, 2019 ஜூலையில் 100-க்குக் கீழே வந்துவிட்டது. இடையில் ஒருவர் 230 ரூபாய்க்கு 500 பங்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட முதல் 1,15,000 ரூபாய். விலை 100-இல் இருக்கும்போது கையில் மிஞ்சியது 50,000. அப்போது இன்னும் 500 பங்கு வாங்குகிறார். சராசரி விலை 165-க்கு இறங்குகிறது. அசலைத் தொட முன்பு 130 சதவீதம் ஏற வேண்டியிருந்தது, இப்போது 65 சதவீதம் போதும். திரையில் பார்க்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் நஷ்டம் அதே 65,000 ரூபாய். மாறியது வேறொன்று: விலை 10 ரூபாய் இறங்கினால் முன்பு 5,000 போகும், இனி 10,000 போகும்.

2020 மார்ச் 5-ஆம் தேதி ரிசர்வ் வங்கி யெஸ் பேங்க் மீது கட்டுப்பாடு விதித்தது. மறுநாள் வர்த்தகத்தின் இடையே விலை 6 ரூபாய்க்கும் கீழே போய் மீண்டது. அடுத்து வந்த மறுசீரமைப்புத் திட்டம், 100 பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுக்கு முடக்கியது. நம்மவரின் ஆயிரத்தில் 750 பங்கை நினைத்தாலும் விற்க முடியாது. விலை 15 என்று வைத்தால் மொத்த நஷ்டம் 1,50,000. ஆவரேஜ் செய்யாமல் இருந்திருந்தால் 1,07,500-ஓடு நின்றிருக்கும்.

விலை 100-இல் இருந்தபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே: கையில் 50,000 ரூபாய் ரொக்கம் இருந்தால், இன்று இந்த விலைக்கு இதே பங்கை வாங்குவேனா? ‘மாட்டேன்’ என்றால் வைத்திருக்கவும் காரணமில்லை. 230 என்ற எண் உங்கள் கணக்கில் மட்டும்தான் இருக்கிறது, சந்தைக்கு அது தெரியாது. அந்த 65,000-ஐ இதே பங்குதான் ஈட்டித் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நஷ்டத்தில் இருக்கும் பங்கை வைத்திருப்பதெல்லாம் பொறி ஆகிவிடாது. வாங்கிய காரணம் அப்படியே நிற்க, சந்தை மொத்தமாகச் சரிந்ததால் விலை இறங்கியிருந்தால் காத்திருப்பது நியாயம். பொறியில் விழுந்ததைக் காட்டுவது காரணம் மாறுவதுதான். ‘கடன் வழங்கல் வளரும்’ என்று வாங்கியவர் ‘அசல் வரட்டும்’ என்று பேச ஆரம்பிப்பார். அன்றே விற்றுவிட இன்ட்ராடேயில் எடுத்ததை மாலை மூன்று மணிக்கு, கையில் வைத்துக்கொள்ளும் டெலிவரிக்கு மாற்றுவதும், நஷ்டத்தை நிறுத்த முன்பே குறித்த விற்பனை விலையான ஸ்டாப்லாஸை விலை நெருங்க நெருங்கக் கீழே தள்ளி வைப்பதும் இதே ரகம்.

ஆகவே வெளியேறும் விலையை வாங்கும் முன்பே, மனம் இன்னும் எந்தப் பக்கமும் சாயாதபோதே, காரணத்தோடு எழுதி ஆர்டராகப் போட்டுவிட வேண்டும். ஏற்கெனவே மாட்டியிருப்பவர் மொத்தத்தையும் விற்க மனம் வராவிட்டால் பாதியை விற்கலாம். விற்றுப் பதிவான குறுகியகால மூலதன நஷ்டத்தை, உரிய தேதிக்குள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால், எட்டு ஆண்டுகள் வரை பிற்கால மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். விற்காமல் திரையில் சிவப்பாக நிற்கும் நஷ்டத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.