போனில் எழுத்தின் அளவு வேறு, திரையின் அளவு வேறு

கும்பகோணத்தில் கண் பரிசோதனை செய்யும் என்னிடம் வெள்ளெழுத்துக்காக வருகிறவர்களில் பலர், அளவெடுத்துக் கொடுத்த கண்ணாடியை அணிந்த பிறகும் போன் எழுத்து தெரியவில்லை என்று சொல்வதுண்டு. அப்போது கண்ணாடியின் பவரை உடனே கூட்டிவிடாமல், அவருடைய போனை வாங்கி அதன் அமைப்பைப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

சென்ற சம்பா அறுவடைக்குப் பின் வந்த பெரியவர் ஒருவர், கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்துவிட்டதா என்று வங்கிச் செயலியில் பார்க்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். "பேரன் எல்லாத்தையும் பெருசாக்கிக் குடுத்தான் சார், இப்ப அமுக்குற பொத்தானையே காணோம்" என்றார். போனை வாங்கிப் பார்த்தால், Font size, Display size ஆகிய இரண்டு கோடுகளும் கடைசி எல்லை வரை இழுக்கப்பட்டிருந்தன. வங்கிச் செயலியின் உள்நுழைவுப் பொத்தான் திரையின் அடிப்பக்கத்துக்குக் கீழே போய்விட்டது. அந்தப் பக்கமோ மேலே தள்ளினாலும் நகரவில்லை.

இந்த இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகவே பெரும்பாலானோர் எண்ணுகிறார்கள். Font size எழுத்தை மட்டும் பெரிதாக்குகிறது. Display size எழுத்து, படம், பொத்தான், இடைவெளி ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது; திரையின் கண்ணாடி அதே அளவில்தான் இருக்கிறது என்பதால், செயலியின் கணக்கில் போன் சிறுத்துவிடுகிறது. 1080 புள்ளி அகலமுள்ள திரையின் அடர்த்தி, அதாவது ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்று போன் வைத்துக்கொள்ளும் கணக்கு, 420 என்றிருந்தால், செயலி அதை 411 அலகு அகலமாகக் கணக்கிடும். Display size கோட்டை இழுத்து அந்த அடர்த்தியை 540 ஆக்கினால் அதே திரை 320 அலகாகச் சுருங்கிவிடும். அகலமான போனுக்காக வரையப்பட்ட பக்கத்தில் பொத்தான் மறைவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே அந்தப் பெரியவரின் போனில் Settings திறந்து, Display பகுதியில் உள்ள Display size and text என்னும் பக்கத்துக்குச் சென்று, முதலில் Display size கோட்டை நடுவில் இருந்த பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இவை இரண்டும் தனித்தனிப் பக்கங்களில் இருக்கும். சாம்சங் போன்களில் Font size and style, Screen zoom என்னும் பெயர்களில் இருக்கும். அடுத்து எழுத்தின் அளவை 1.3 மடங்காக வைத்தேன். 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்துப் படிக்கும் ஒருவருக்கு, இது போனை ஏறக்குறைய 31 சென்டிமீட்டருக்கு நெருக்கிப் பிடிப்பதற்குச் சமம். கையை நெருக்காமலே அந்தப் பயன் கிடைத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 விழுக்காடு வரை கூட்டலாம் என்றாலும், அங்கே சிறிய எழுத்து அதிகமாகவும் ஏற்கெனவே பெரிதாக உள்ள தலைப்பு குறைவாகவும் வளரும்படி அமைத்திருப்பதால், பக்கம் அவ்வளவாகக் குலைவதில்லை.

மூன்றாவதாக Bold text என்பதை இயக்கினேன். ஆண்ட்ராய்டு 12 முதல் இது கிடைக்கிறது. தடித்த எழுத்து வெயிலில் நன்றாகத் தெரியும். ஆனால் எழுத்து சிறிதாக இருக்கும்போதே தடிமனைக் கூட்டினால், ண, ன ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதை நம் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அளவைக் கூட்டிய பிறகே தடிமனைக் கூட்டுங்கள்.

எழுத்துருவையே மாற்றும் வசதி எல்லாப் போன்களிலும் இல்லை. இருக்கும் போன்களிலும் தரவிறக்கக் கிடைப்பவற்றில் பல ஆங்கில எழுத்துகளை மட்டுமே கொண்டவை. அவற்றைப் போட்டால் ஆங்கிலம் மாறும், தமிழ் பழைய வடிவிலேயே நிற்கும். தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றைத் திறந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும். எழுத்துருவை மாற்றித் தருவதாகச் சொல்லி Accessibility அனுமதி கேட்கும் வெளிச் செயலிகளை மட்டும் தயவுசெய்து நிறுவாதீர்கள். அந்த அனுமதி பெற்ற செயலியால் உங்கள் திரையில் தெரிவதைப் படிக்க முடியும். அதே போனில்தான் வங்கிக் கணக்கும் இருக்கிறது.

மாற்றி முடித்ததும், தமிழ்க் குறுஞ்செய்தி, விசைப்பலகை, வங்கிச் செயலி ஆகிய மூன்றையும் அந்தப் பெரியவரையே திறக்கச் சொன்னேன். சொல் பாதியில் வெட்டப்பட்டாலோ, ஒரு பொத்தான் இன்னொன்றின்மேல் ஏறி நின்றாலோ, முதலில் குறைக்க வேண்டியது Display size தான். அவருடைய போனில் பொத்தான் மேலே வந்துவிட்டது. இரண்டு கோடுகளும் எத்தனையாவது புள்ளியில் நிற்கின்றன என்பதை மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைப் போன் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, பேரனிடம் காட்டுவதாகச் சொல்லிப் போனார்.